கலர் ஆப்புக்கு முன்னால் ஒரு கஸ்டம் ரூம்: பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்களுக்கும், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் பிள்ளைகள் படிக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

நான் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா. ஒரு வங்கிக் கிளையில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதக் கூட்டத்தில் பிள்ளைகளின் செல்போன் விளையாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாட விடலாம், போனை இரவில் வாங்கி வைக்கலாமா, கண் கெட்டுப் போகுமா என்றெல்லாம் பேச்சு போனது. நான் வாயைத் திறக்கவில்லை. என் மகன் ஏழு மாதத்தில் 38,600 ரூபாயைச் சூதாட்ட ஆப் ஒன்றில் தொலைத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

நாம் மணி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்க்க வேண்டியது சின்னச் சின்னப் பணம் போகும் வழியை. விளையாட்டில் இருந்து ஒரே தாவலாக எந்தப் பிள்ளையும் சூதாட்ட ஆப்புக்குப் போவதில்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியை நான் கவனிக்கவே இல்லை.

முதலில் விளையாட்டுக்குள் இருக்கும் சக்கரத்தைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் ஆடைகள், துப்பாக்கிக்கு மாட்டும் அலங்காரங்கள் எல்லாம் நேராக விலைக்கு வருவது குறைவு. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்க வேண்டும், அல்லது சக்கரம் சுற்ற வேண்டும். என் மகன் ஆடியதில் பத்துப் பரிசுகள் கொண்ட ஒரு சக்கரம் உண்டு. வேண்டாத இரண்டை நாமே நீக்கிவிடலாம். மீதி எட்டு. வந்த பரிசு மறுபடி வராது என்பதால் எட்டுச் சுற்றில் எல்லாமே நம் கைக்கு வந்துவிடும். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சுற்றுக்குச் சுற்று விலை ஏறும். விளையாட்டுக்குள் செலவழிக்க ரூபாய் கொடுத்து வாங்குவதுதான் டைமண்ட். முதல் சுற்றுக்கு 9 டைமண்ட், அடுத்து 19, 39, 69, 99, 149, 199, கடைசிக்கு 499. மொத்தம் 1,082. பிள்ளைக்கு வேண்டியது அந்த எட்டில் ஒன்றுதான். மற்ற ஏழும் அவன் தொட்டுக்கூடப் பார்க்காத பொருட்கள். எல்லாப் பரிசுக்கும் ஒரே வாய்ப்பும் கிடையாது. நல்ல பொருள் வரும் வாய்ப்பு குறைவு.

இதை ரூபாயில் பாருங்கள். என் மகன் வாங்கியபோது 100 டைமண்ட் 80 ரூபாய். அதை வாங்கினால் மூன்று சுற்று சுற்றலாம், 67 டைமண்ட் போய்விடும். நாலாவது சுற்றுக்கு 69 வேண்டும், கையில் இருப்பது 33. அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் "சரி, போதும்" என்று எழுந்து போக மாட்டான். மொத்தமாக வாங்கினால் 800 ரூபாய்க்கு 1,060 டைமண்ட். எட்டுச் சுற்றும் முடிக்க 22 குறைகிறது. அதற்கு இன்னொரு 80 ரூபாய். கையில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், எப்போதும் கொஞ்சம் குறையும். "இன்னும் கொஞ்சம் போட்டால் கிடைத்துவிடும்" என்ற பழக்கம் என் மகனுக்கு வந்தது இங்கேதான். போட்டதை ரூபாயாக நினைக்காமல் டைமண்டாக நினைக்கும் பழக்கமும் இங்கேதான் வந்தது. அவனைக் கேட்டால் "9 டைமண்ட்தான்மா" என்பான். ஏழு ரூபாய் என்று சொல்லவே மாட்டான்.

பெட்டிக்கும் சக்கரத்துக்கும் செலவழிக்கும் பிள்ளைகளிடம் சூதாட்டச் சிக்கலும் அதிகமாக இருக்கிறதா என்று 2019இல் 16 முதல் 18 வயது வரை உள்ள 1,155 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். இருக்கிறது என்றுதான் தெரிந்தது. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சக்கரம் சுற்றியதால் சூதாடினானா, சூதாட்டத்தில் ஈர்ப்பு உள்ளவன் சக்கரத்தையும் அதிகம் சுற்றுகிறானா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் சக்கரம் சுற்றிய பிள்ளை எல்லாம் சூதாடப் போகும் என்று நான் சொல்லவில்லை. சக்கரத்தில் ஒரு வேலியும் இருக்கிறது. பணம் உள்ளே போகும், வெளியே வராது. எத்தனை நல்ல ஆடை கிடைத்தாலும் அதை அந்த விளையாட்டுக்குள் காசாக்க வழி இல்லை. எனவே அதற்குள் தொலைப்பதற்கு ஓர் அளவு உண்டு.

அந்த வேலி உடையும் இடம்தான் கஸ்டம் ரூம்.

விளையாட்டுக்குள் நண்பர்கள் மட்டும் சேர்ந்து ஆடத் தனி அறை திறக்கும் வசதி இருக்கிறது. ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம். இது தப்பான வசதி இல்லை. ஆனால் இதை வைத்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப்பிலும் தினமும் போட்டி நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் 30 ரூபாய், எதிராளி ஒருவரை வீழ்த்தினால் அந்த ஒரு கில்லுக்கு 10 ரூபாய், ஜெயித்தவனுக்கு 300 ரூபாய் என்று ஒரு போஸ்டர் வரும். பணத்தை நடத்துபவரின் யூபிஐக்கு அனுப்பினால் ரூம் ஐடி வரும். 48 பேர் சேர்ந்தால் 1,440 ரூபாய் வசூல். 47 பேர் செத்தாலும் கில் கணக்கில் 470, முதல் பரிசு 300, ஆக 770தான் அதிகபட்சம் திரும்ப வரும். மீதி 670 நடத்துபவருக்கு. நடத்துவதும் பெரும்பாலும் 19, 20 வயதுப் பையன்தான்.

என் மகன் நன்றாக ஆடுவான். ஒரு இரவில் ஐந்து கில் எடுத்தால் 50 ரூபாய், கட்டணம் போக 20 லாபம். ஒருமுறை முதல் பரிசும் கிடைத்து 340 ரூபாய் அவன் நண்பனின் யூபிஐக்கு வந்தது. அன்று அவன் மனதில் இரண்டு விஷயம் பதிந்துவிட்டது. விளையாட்டில் இருந்து ரூபாய் வெளியே வரும். அதைத் தன் திறமையால் எடுக்க முடியும். இரண்டாவது எண்ணம்தான் அவனைக் கெடுத்தது, ஏனென்றால் அடுத்து அவன் போன இடத்தில் திறமைக்கு வேலையே இல்லை.

அந்தக் கஸ்டம் ரூம் நடத்தியவருக்கு ஒரு டெலிகிராம் சேனல் இருந்தது. "இந்த லிங்கில் பதிவு செய்து 100 ரூபாய் ரீசார்ஜ் செய்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் ரிடீம் கோடு இலவசம்." அவ்வளவுதான் அழைப்பு. பிள்ளை சூதாடப் போகவில்லை, டைமண்ட் வாங்க ரிடீம் கோடு எடுக்கப் போனான். பதிவு செய்கிற ஒவ்வொருவருக்கும், அவர்கள் பின்னால் போடும் பணத்துக்கும், லிங்க் கொடுத்தவருக்குக் கமிஷன் போகிறது. பழைய விளையாட்டு ஐடியை விற்றுத் தருகிறேன், டைமண்டைப் பாதி விலைக்கு ஏற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களும் இதே வழியில்தான் கொண்டு போய் விடுகிறார்கள். உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், "எவ்வளவு நேரம் ஆடினாய்" என்று கேட்காதீர்கள். "விளையாட்டில் இருந்து எப்போதாவது உனக்குக் காசு வந்திருக்கிறதா" என்று கேளுங்கள். திட்டுகிற குரலில் கேட்டால் பதில் வராது. என் மகன் முதல் 340 ரூபாய் வந்த அன்று பெருமையாகச் சொல்லத்தான் என்னிடம் வந்திருக்கிறான். நான் சமையலறையில் இருந்தேன், "அப்புறம் பேசலாம் கண்ணு" என்றேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த லிங்க் கொண்டுபோய் விட்ட இடம் "கலர்" ஆப். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒரே ஆட்டம்தான். நிமிடத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை ஒரு எண் விழும். 1, 3, 7, 9 பச்சை. 2, 4, 6, 8 சிவப்பு. 0 சிவப்பும் ஊதாவும், 5 பச்சையும் ஊதாவும். எந்த நிறம் விழும் என்று பணம் கட்ட வேண்டும். பச்சையில் 100 ரூபாய் கட்டினால் முதலில் 2 ரூபாய் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள், மீதி 98. பச்சை விழுந்தால் அதன் இரண்டு மடங்கு, 196. ஆனால் 5 விழுந்தால் ஒன்றரை மடங்கு, 147 மட்டும்.

இதை என் மகனோடு உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்தோம். பத்து எண்ணும் ஒவ்வொரு முறை விழுந்ததாக வைத்துக்கொள்வோம். பத்து ஆட்டத்துக்கு நாம் கட்டியது 1,000 ரூபாய். நான்கு தடவை 196 வீதம் 784, ஒரு தடவை 147, மொத்தம் 931 திரும்ப வருகிறது. ஆக ஆயிரத்துக்கு 69 ரூபாய் அவர்களுக்கு. எந்த ஏமாற்றும் இல்லாமல் நேர்மையாக எண் விழுந்தால் வரும் கணக்கு இது. எண்ணை விழ வைப்பதே அவர்கள் சர்வர்தான். யார் எதில் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும். அது நேர்மையாக விழுகிறதா என்று பார்க்க வெளியில் இருந்து யாருக்கும் வழியில்லை. ஆயிரத்துக்கு 69 என்பது குறைவாகத் தெரியலாம். நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்பதை மறக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் அறுபது ஆட்டம். அதே 100 ரூபாய் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இதில் பிள்ளைகளை நிற்க வைப்பது "லெவல்" என்று சேனலில் சொல்லித் தரும் முறை. முதலில் 10 ரூபாய் கட்டு. தோற்றால் 30. தோற்றால் 90, அப்புறம் 270, 810, 2,430. எப்போது ஜெயித்தாலும் போட்ட எல்லாமே லாபத்தோடு திரும்ப வரும், ஆறு தடவை தொடர்ந்து யாரும் தோற்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். கேட்கும்போது எனக்கே சரி என்றுதான் பட்டது. கணக்கு வேறு சொல்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தாலும், ஆறு தோல்வி தொடர்ந்து வருவதற்குச் சராசரியாக 126 ஆட்டம் போதும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் இரண்டு மணி நேரம். பள்ளி விட்டு வந்து இரவுச் சாப்பாட்டுக்குள் அது நடந்துவிடும். அதுவரை பத்து, இருபது என்று சின்னச் சின்ன லாபமாக வந்துகொண்டே இருக்கும். அது நடக்கும்போது 3,640 ரூபாய் ஒரே மூச்சில் போகும். என் மகனுக்கு அது ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. நான் அதைக் கண்டுபிடித்தபோது அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "நான் சூதாடலம்மா. விட்டத எடுக்கத்தான் பாத்தேன்." அவன் பொய் சொல்லவில்லை. அவன் அப்படித்தான் நம்பினான்.

முதலில் ஜெயித்த பணத்தைக் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். அவனுக்கும் முதல் வாரம் போட்ட 100 ரூபாய் 340 ஆகத் திரும்ப வந்தது. தொகை பெரிதானதும் "வரி கட்டு", "இன்னும் இவ்வளவு ரீசார்ஜ் செய்தால்தான் வித்ட்ரா திறக்கும்" என்று வரும். அந்த வரி பொய். அந்த இடத்தில் மேலே கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

வங்கியில் வேலை பார்க்கும் எனக்கு ஏழு மாதம் எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்பீர்கள். என் கணக்கையும் என் கணவர் கணக்கையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பணம் போனது என் மாமனாரின் ஓய்வூதியக் கணக்கில் இருந்து. அவருக்கு யூபிஐ போட்டுக் கொடுத்ததே பேரன்தான், பின் நம்பரும் அவனுக்குத் தெரியும். அதில் யூபிஐ லைட் இருந்தது. லைட்டில் 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் போடாமலே அனுப்பலாம். காய்கறிக் கடைக்கு நல்ல வசதி. ஆனால் பாஸ்புக்கில் லைட்டுக்குப் பணம் ஏற்றியது மட்டும்தான் ஒரு வரியாக வரும். அதில் இருந்து யாருக்குப் போனது என்பது அந்த ஆப்புக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மாமனாரின் பாஸ்புக்கைப் பதிவு போட்டபோது மாதத்துக்கு ஆறு, ஏழு தடவை 1,000 ரூபாய் லைட்டுக்கு ஏறியிருந்தது. அவர் வாரம் ஒருமுறை டீக்கடைக்குத்தான் போவார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

லைட் பக்கத்தைத் திறந்தால் 100, 200, 300, 500 என்று முழுத் தொகைகள். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் பெயருக்கு, அல்லது கேள்விப்படாத டிரேடர்ஸ், என்டர்பிரைசஸ் பெயருக்கு. ஒரே பெயர் இரண்டு தடவை வருவது அபூர்வம். இந்த ஆப்கள் ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் வேறு யூபிஐ ஐடியைக் காட்டுவதால்தான் இப்படி. கடைக்குப் போகும் பணம் இப்படி இருக்காது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், தொகை 47, 112 என்று முறிந்து இருக்கும். இன்னொரு அடையாளம் கேலரியில் இருக்கும். பணம் கட்டியதற்குச் சான்றாக 12 இலக்க UTR எண்ணை ஆப்பில் போடச் சொல்வார்கள். அதற்காகப் பிள்ளைகள் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்கள் அழிக்காமல் கிடக்கும். போனில் ஆப் எதுவும் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். பாதி ஆட்டம் குரோமிலேயே நடக்கிறது. மீதி, டெலிகிராமில் வரும், போனில் நேராக ஆப்பை ஏற்றும் ஏபிகே கோப்பு. பிளே ஸ்டோர் வழியாக வராது. செட்டிங்ஸில் Install unknown apps என்று தேடிப் பாருங்கள். அதில் டெலிகிராமுக்கோ குரோமுக்கோ அனுமதி கொடுத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் வாங்க முடியாதபடி பிளே ஸ்டோரில் வைக்கும் கட்டுப்பாடு, பிளே ஸ்டோர் வழியாக டைமண்ட் வாங்குவதை நிறுத்தும்; யூபிஐ வழியாக ஓர் ஆளுக்குப் பணம் போவதை அது பார்க்கவே பார்க்காது.

சொந்தமாக யூபிஐ இல்லாத பிள்ளையும் தப்பவில்லை. பள்ளிக்குப் பக்கத்தில் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு 100 ரூபாய்க்கு 10 ரூபாய் கமிஷனில் ஸ்கேன் செய்து கொடுக்க ஆள் இருக்கிறது என்று என் மகன் சொன்னான். இதைக் கழகம் விசாரிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்குத் தூக்கம் போனது பணத்தால் அல்ல, இதனால்தான். டிசம்பரில், கடன் ஏறியிருந்த நேரத்தில், சேனலில் இருந்து அவனுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. வீட்டில் யாருடைய வங்கிக் கணக்கையாவது ஏடிஎம் கார்டோடும் சிம்மோடும் ஒரு மாதத்துக்குக் கொடுத்தால் 2,000 ரூபாய். தாத்தாவின் கணக்கைக் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தான். நான் பாஸ்புக்கைப் பார்த்தது அந்த வாரம். அப்படி வாடகைக்குப் போகும் கணக்குகள் வழியாகத்தான் இந்த ஆப்களின் பணமும், ஏமாற்றப்பட்ட மற்றவர்களின் பணமும் ஓடுகிறது. புகார் வந்ததும் கணக்கை முடக்குவார்கள், காவல்துறை தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. கிளையில் இப்படி முடங்கிய கணக்கோடு வந்து அழும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் இந்த மடலில் வேறு எதை மறந்தாலும், வங்கிக் கணக்கையோ சிம்மையோ யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் இன்று இரவே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். எல்லாம் சரியாகச் செய்தோம் என்று இல்லை. அன்று இரவு என் கணவர் போனைப் பிடுங்கி வைத்தார். மறுநாளே அவன் நண்பன் போனில் ஆடினான். மூன்றாம் நாள் போனைத் திரும்பக் கொடுத்து, ஆப்பைத் திறக்கச் சொன்னேன். ரீசார்ஜ் ஹிஸ்டரி, வித்ட்ரா ஹிஸ்டரி என்று இரண்டு பக்கம் இருந்தன. ஒவ்வொரு வரியையும் அவன் படிக்க நான் எழுதினேன். உள்ளே போனது 51,200. வெளியே வந்தது 12,600. ஆரம்பிக்கும் முன் "எவ்வளவு போயிருக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்டிருந்தேன். "பதினஞ்சாயிரம் இருக்கும்மா" என்றான். வந்த பணம் ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது, போனது ஞாபகம் இல்லை. 38,600 என்று கடைசியில் எழுதியபோது பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேசியிருக்கக்கூடிய எதையும் விட அந்தப் பேப்பர் பேசியது. அதனால் ஆப்பை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் அந்த இரண்டு பக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது படம் எடுங்கள். புகாருக்கும் அதுதான் சான்று.

அப்புறம் கடன். நாலு நண்பர்களிடம் 6,400 ரூபாய் வாங்கியிருந்தான். அதை நாங்களே அந்தந்த வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக் கொடுத்தோம். கடன் தலைமேல் இருக்கும்வரை "ஒரே ஒரு தடவை ஆடி அடைத்துவிடலாம்" என்ற எண்ணம் போகாது. அவன் மாதம் 300 ரூபாய் கைச்செலவில் இருந்து எங்களுக்குத் திருப்பித் தருகிறான். மாமனார் யூபிஐயின் பின் நம்பரை மாற்றினோம், லைட்டை நிறுத்தினோம். அவர் பேரனைத் திட்டவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பனே சாமி" என்றார். அதற்குத்தான் அவன் அழுதான்.

கடன் சேர்ந்து, வெளியே சொல்லவும் முடியாமல் இருக்கும் பிள்ளைகள் விபரீதமாக எதையாவது யோசிக்கக்கூடும். பேச்சு குறைவது, சாப்பிடாமல் இருப்பது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு வருவது எல்லாம் இருந்தால் பணக் கணக்கை ஓரமாக வையுங்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. நாங்களும் ஒருமுறை கூப்பிட்டோம்.

சட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலேயே இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டமும் வந்தது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும், அதை விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் அந்தச் சட்டத்தில் உண்டு. மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் அதன் பிறகு பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்திவிட்டன. கலர் ஆப்கள் நிறுத்தவில்லை. முகவரியை மாற்றிக்கொண்டு வருகின்றன. வித்ட்ரா தடுக்கப்பட்டிருந்தாலோ, "வரி" என்று பணம் பிடுங்கியிருந்தாலோ, கணக்கைக் கேட்டிருந்தாலோ தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். தேதி, தொகை, UTR எண், பணம் போன யூபிஐ ஐடி நான்கும் வேண்டும். சில மணி நேரத்துக்குள் என்றால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. பல மாதமாக ஆடித் தோற்ற பணம் திரும்ப வரும் என்று நம்பிக்கை வைக்க வேண்டாம், எங்களுக்கு வரவில்லை. "இழந்ததை மீட்டுத் தருகிறோம்" என்று டெலிகிராமில் வருகிறவர்களும் அதே கூட்டம்தான்.

கழகத்திடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

போன வருடம் இறைவணக்கக் கூட்டத்தில், ஆன்லைன் விளையாட்டில் பணம் கட்டியது தெரிந்தால் டிசி கொடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அதைக் கேட்ட நாள் முதல் என் மகன் வாயை மூடிக்கொண்டான். தானாக வந்து சொல்லும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை, வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவோம் என்று அதே கூட்டத்தில், அதே சத்தத்தில் அறிவிக்க வேண்டும். இது நடக்காவிட்டால் மற்ற எதுவும் நடக்காது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு இருக்கிறது. பகடையும் நாணயமும் வைத்து நடத்தும் அந்தப் பாடத்தில், மேலே நான் எழுதிய பத்து எண் கணக்கையும் ஆறு லெவல் கணக்கையும் ஒரு பீரியட் போட்டுப் பார்க்கும்படி கணக்கு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். "சூதாட்டம் தவறு" என்று சொன்னால் இந்தப் பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொல்வதாகவே நினைப்பதில்லை. 931 என்று விடை வந்தால் வாக்குவாதம் செய்ய முடியாது.

மூன்றாவது, பள்ளிக்குப் பக்கத்தில் ரொக்கம் வாங்கி ஸ்கேன் செய்து கொடுக்கும் வேலையை நிறுத்த, கழகத்தின் பெயரில் காவல் நிலையத்துக்கு ஒரு மனு. வரைவு எழுதி வைத்திருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை கூட்டத்துக்கு அந்த 51,200 ரூபாய்ப் பேப்பரையும் மனுவையும் எடுத்து வருகிறேன். யூபிஐ லைட் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் உங்கள் போனையும், வீட்டில் தாத்தா பாட்டி யூபிஐ வைத்திருந்தால் அவர்கள் போனையும் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன், ஒவ்வொருவருக்கும் திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா